மஞ்சள் சட்டைப் பிள்ளை: ஒரு ட்ரெய்லரை நம்பி நடத்திய காட்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு சின்ன நூலகம் போட வேண்டும் என்று பெற்றோர் வட்டத்தில் பேச்சு வந்தது. பணம் திரட்ட எளிய வழி, தியேட்டர் ஒன்றில் ஒரு காலைக் காட்சியை மொத்தமாக எடுத்து டிக்கெட் விற்பது. கொழும்பில் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் சபைகளும் செய்கிற வேலைதான். புதுப்படம், முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிக்கெட் தானாகப் போகும்.

ஒரு சிக்கல் உண்டு. தியேட்டர்காரர் பத்து நாளைக்கு முன்பே எந்தப் படம் என்று உறுதி சொல்லி, பாதிப் பணமும் கட்டச் சொன்னார்கள். பத்து நாளைக்கு முன்பு படம் வெளியாகியிருக்காது. கையில் இருப்பது ட்ரெய்லர் மட்டும்.

குழுவில் ஐந்து பேர். நானும் ஒருவன். காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டுவது என் தொழில். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "நீங்கதான் அண்ணா இந்த விஷயம் தெரிஞ்ச ஆள்" என்று மற்ற நால்வரும் என் பக்கம் பார்த்தார்கள்.

என்ன பார்த்தோம்

அந்த வார இறுதிக்கு இரண்டு தமிழ்ப் படங்கள் வரவிருந்தன. இரண்டு ட்ரெய்லரையும் ஒரு வீட்டு விறாந்தையில் லேப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள்.

முதல் படத்தின் ட்ரெய்லர் 2 நிமிடம் 14 விநாடி. ஒரு அப்பா, ஏழெட்டு வயது மகள், பள்ளிக்கூட வாசல், ஒளித்துப் பிடித்து விளையாட்டு, தேநீர்க் கடையில் ஒரு நகைச்சுவை நடிகர், துள்ளலான பாட்டு. கடைசி அரை நிமிடம் இருட்டில் ஓட்டம், மழை, ஒரு வான் கதவு, அடிதடி. இரண்டாவது படத்தின் ட்ரெய்லரில் ஒரு வயதானவர், ஆஸ்பத்திரிக் கட்டில், மெதுவான பியானோ, ஜன்னலைப் பார்க்கும் ஒரு மகன். பார்த்து முடித்ததும் ஒருவர் பெருமூச்சு விட்டார். "ஞாயிற்றுக்கிழமை காலையில ஆரும் காசு குடுத்து அழ வருவினமோ?" என்றார். சரி, முதல் படம்தான் என்று பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

மூன்று விஷயங்கள் காட்சிக்கு முன்பே கண்ணில் பட்டன. மூன்றையும் தள்ளிவிட்டோம்.

ஒன்று, பதினொரு வயது மாணவி ஒருத்தி, "மாமா, அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை பிறகு வரவே இல்லையே" என்றாள். "படத்தில வருவா" என்று சொன்னது நான்தான்.

இரண்டு, குழுவில் ஒருவர் அதே ட்ரெய்லரை முந்திய வாரம் தியேட்டரில் பார்த்திருந்தார். தொடக்கத்தில் ஓடிய இந்தியத் தணிக்கைச் சான்றிதழில் UA 13+ என்று இருந்ததாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் பெற்றோருடன் வந்தால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டோம். தியேட்டரில் போடும் ட்ரெய்லருக்கு இந்தியாவில் தனியாகச் சான்றிதழ் வாங்குவார்கள். முன்னால் தெரியும் அந்தத் தாள் அந்த இரண்டு நிமிடத்துக்கு உரியதே தவிர, படத்துக்கு உரியது அல்ல. பிறகு படத்தின் தொடக்கத்தில் வந்த தாளில் UA 16+ என்று இருந்தது. அதையும் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எங்களில் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது சங்கடமானது. படம் வெளியான வெள்ளிக்கிழமை இரவு, ஒரு தாய் எங்கள் வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். சென்னையில் இருக்கும் அக்காவின் மகன் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது என்கிறானாம். அதற்கு நான் எழுதிய பதில் இன்னும் போனில் இருக்கிறது: "ட்ரெய்லரைப் பார்த்தீங்களா மிஸ்? நல்ல குடும்பப் படம்." முழுப் படத்தைப் பார்த்தவன் ஒருவன் சொன்ன சாட்சியை, இரண்டு நிமிடத்தைப் பார்த்த நான் தட்டிக் கழித்தேன்.

காட்சி நாள்

ஞாயிறு காலை பத்தரை. 212 டிக்கெட், ஒன்று 1,500 ரூபா. அறுபதுக்கு மேல் பிள்ளைகள். முதல் அரை மணித்தியாலம் ட்ரெய்லரில் பார்த்த அதே படம்தான் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள்.

38ஆவது நிமிடத்தில் மகள் கடத்தப்படுகிறாள். அதற்குப் பிறகு படம் வேறு படம். இடைவேளைக்குள் இரண்டு கடுமையான கட்டங்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு பொடியன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கீழே குனிந்திருந்தான். கண்ணை மூடினால் போதாது, சத்தம்தான் பயம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு அம்மம்மா மூன்று பேரப் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இடைவேளையில் எடுத்த முடிவு

சிற்றுண்டிக் கவுண்டர் பக்கத்தில் ஐந்து பேரும் கூடினோம். காட்சியை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். பெரியவர்கள் பலர் கதையில் ஒன்றிப் போயிருந்தார்கள், அவர்களும் காசு கொடுத்தவர்கள். ஒன்றும் சொல்லாமல் விடுவோம், விரும்பாதவர்கள் போவார்கள் என்றார் இன்னொருவர். அப்படி விட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல்தான் பெற்றோர் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அப்போதுதான் படத்தை ஓட்டும் ஒப்பரேட்டரைக் கேட்க வேண்டும் என்ற யோசனை வந்தது. மூன்று நாளில் அவர் ஏழெட்டுத் தரம் பார்த்திருந்தார். "இன்டர்வெல் முடிஞ்சு இருபது நிமிஷத்தில ஒரு கட்டம் வரும், அது சரியில்லை. அதுக்குப் பிறகு பெரிசா ஒண்டும் இல்லை. பிள்ளை கிடைச்சிடும்" என்றார். பத்து நாளாக எங்களுக்குத் தேவைப்பட்ட தகவல் இந்த நாலு வாக்கியம்தான்.

மைக்கில் அறிவித்தோம். படத்தின் தன்மையை நாங்கள் தவறாக விளங்கிக்கொண்டோம், மன்னிக்க வேண்டும், பிள்ளைகளை வெளியே மண்டபத்தில் இரண்டு ஆசிரியைகள் பார்த்துக்கொள்வார்கள், போக விரும்புகிறவர்களுக்குப் பணம் திரும்பத் தரப்படும். முடிவைச் சொல்லாமல், குழந்தைக்கு உயிராபத்து இல்லை என்பதை மட்டும் சொன்னோம். அது கதையை உடைப்பதுதான். ஆனாலும் அந்த நேரத்தில் அதுதான் சரி என்று பட்டது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

41 டிக்கெட்டுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தோம். தியேட்டர் வாடகை 140,000 ரூபா போக 116,500 மிஞ்சியது. நூலகத்துக்கு இரண்டு அலுமாரி வந்தது, புத்தகம் பாதிதான் வாங்க முடிந்தது.

கோபமும் வழக்கும்

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் பாதிக் கோபம் எங்கள் மேல், பாதி படக் கம்பனி மேல். "இது ஏமாத்து. கேஸ் போடலாம்" என்றார் ஒருவர். சட்டத்தரணியாக இருக்கும் ஒரு தகப்பன், இந்தியாவில் இதே போன்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை எடுத்துச் சொன்னார். 2016இல் வந்த ஒரு ஹிந்திப் படத்தின் விளம்பரத்தில் இருந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஓர் ஆசிரியை நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மேல்முறையீட்டில் அவருக்கு இழப்பீடும் கிடைத்தது. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ட்ரெய்லர் என்பது வாக்குறுதியும் அல்ல, ஒப்பந்தத்துக்கான முன்மொழிவும் அல்ல, டிக்கெட் வாங்கத் தூண்டும் விளம்பரம் மட்டுமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நமது நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும், வழக்குப் பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அந்த ட்ரெய்லர் எங்கேயாவது பொய் சொன்னதா?

வெட்டிப் பார்த்தது

படம் இணையத்துக்கு வந்த பிறகு, ட்ரெய்லரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று இரவு உட்கார்ந்தேன். யூடியூபில் நிறுத்தி வைத்து `.` விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், `,` தட்டினால் பின்னால் வரும். அது போதும், வேறு மென்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு வரி: நேரம், இடம், யார், என்ன உடுப்பு, பகலா இரவா, வாய் தெரிகிறதா.

மொத்தம் 94 ஷொட். முதல் 1 நிமிடம் 36 விநாடியில் 41 ஷொட், மிச்ச 38 விநாடியில் 53. ஓடவிட்டுப் பார்க்கும்போது படத்தில் பெரும்பங்கு மகிழ்ச்சி, கொஞ்சம் சண்டை என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான். நேரத்தின்படி சந்தோஷம் அதிகம். ஷொட்டுகளை எண்ணினால் இருட்டு அதிகம். முக்கால் விநாடிக்கும் குறைவாக வரும் ஷொட்டை நாங்கள் பார்த்தோமே தவிர, என்ன பார்த்தோம் என்று மனசில் தங்கவில்லை.

உடுப்பு வரிசைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மகள் 11 ஷொட்டில் வருகிறாள். அவளுக்கு இரண்டே உடுப்பு: பள்ளிச் சீருடை, மஞ்சள் சட்டை. ஒரு படத்தில் உடுப்பு மாறாவிட்டால் பெரும்பாலும் நாளும் மாறவில்லை என்று அர்த்தம். அப்படியானால் அந்த ஒன்றரை நிமிட மகிழ்ச்சி முழுவதும் கதையில் இரண்டு நாள். நகைச்சுவை நடிகரின் நாலு சிரிப்பும் ஒரே கட்டம் போட்ட பச்சை ஷேர்ட்டில், ஒரே தேநீர்க் கடையில், ஒரே வெயிலில். நாலு காட்சி என்று நினைத்தது ஒரே காட்சி. படத்தில் ஐந்து நிமிடம்.

அப்பாவைப் பாருங்கள். முதல் பாதியில் மழித்த முகம். இருட்டு ஷொட் எல்லாவற்றிலும் இரண்டு வாரத்துத் தாடி, ஒரே நீல ஷேர்ட். ஆக நடுவே கதையில் நாட்கள் கடந்திருக்கின்றன, அவர் முகம் மழிக்கிற நிலையில் இல்லை. தாடி முளைத்த அப்பாவோடு மகள் ஒரு ஷொட்டிலும் இல்லை. 1 நிமிடம் 9ஆவது விநாடிக்குப் பிறகு அவளே இல்லை. அந்த மாணவி ஒரே தடவை பார்த்துச் சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவு தேவைப்பட்டது.

ஒரு வசனம்

இதில் ஒரு இடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ட்ரெய்லரின் 52ஆவது விநாடி. மாமரத்தடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மஞ்சள் சட்டை ஒளிந்திருக்கிறது. அப்பா கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணிவிட்டுத் திரும்புகிறார். "எங்க போயிட்டா?" என்று அவர் குரல். தொட்டிக்குப் பின்னால் சிரிப்பு. விறாந்தையில் பார்த்தபோது நாங்களும் சிரித்தோம்.

ஃபிரேம் ஃபிரேமாகப் போனால் அந்த வசனம் வரும்போது அவர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். வாய் தெரியவில்லை. பிறகு படத்தை மூடிவிட்டு ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி சத்தத்தை மட்டும் கேட்டேன். பாட்டுக்கு அடியில், அந்த இரண்டு சொல்லோடு சேர்ந்து, ஒரு மின்விசிறி கிரீச்சிடும் சத்தம். சொல் முடியுமிடத்தில் எங்கேயோ ஒரு டெலிபோன் மணி தொடங்கி அறுந்து போகிறது. மாமரத்தடியில் ஏது மின்விசிறி?

படத்தில் அந்த வசனம் பொலிஸ் நிலையத்தில் வருகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அப்பா கேட்கிறார்: "எங்க போயிட்டா? சொல்லுங்க சார், எங்க போயிட்டா?" ஒளித்துப் பிடிக்கிற கட்டத்தில் அவர் ஒன்றுமே பேசவில்லை. ஷொட் உண்மை, குரல் உண்மை. இரண்டையும் சேர்த்தது வெட்டியவரின் கை.

தொழில்காரனாக எனக்கு இது புதிதல்ல, அதுதான் வெட்கம். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் ஆறு மணித்தியாலமும் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். ஏதோ சீதனப் பிரச்சினை. போட்டோக்காரர் கேட்டதற்காக ஒரு தரம் சிரித்தார். அந்த இரண்டு விநாடியைத் தாலி கட்டும் ஷொட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நிமிட ஹைலைட்ஸில் தங்கச்சிக்குத் தாலி ஏறுவதைப் பார்த்து அவர் பூரிக்கிறார். குடும்பமே அதைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறது.

மறைத்ததும் மிகைத்ததும்

ஆக, கேள்விக்குப் பதில்: நேரடியான பொய் ஒன்றும் இல்லை. 94 ஷொட்டில் 91 படத்தில் அப்படியே இருக்கின்றன. மூன்றுதான் இல்லை, அவையும் முக்கியமானவை அல்ல. ட்ரெய்லர் பல தடவை படம் முடியுமுன்பே, வேறு கையால் வெட்டப்படுவதால் அப்படி நடக்கும். மறைக்கப்பட்டது கதை அல்ல, விகிதம். 38 நிமிடத்தில் முடிகிற ஒரு மனநிலையை முழுப் படத்தின் மனநிலையாக நீட்டிக் காட்டினார்கள். கடத்தலை மறைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் படமே இல்லை. ஆனால் அந்த நியாயமான மறைப்புக்காகத் தேநீர்க் கடைச் சிரிப்பை இவ்வளவு ஊத வேண்டியிருந்ததா என்பது வேறு விஷயம்.

நாங்கள் ஒதுக்கிய இரண்டாவது படத்தையும் பிறகு பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சி இருக்கிறது, மொத்தம் ஆறு நிமிடம். மிச்சம் எல்லாம் அந்த வயதானவர் மகனோடு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிற குறும்பு. பியானோ படத்திலேயே இல்லை. அது ட்ரெய்லருக்காகப் போட்ட இசை. அறுபது பிள்ளைகளோடு பார்த்திருக்க வேண்டிய படம் அதுதான். எங்களைத் துரத்தியது அந்தப் பியானோ.

என்ன மாற்றினோம்

அடுத்த காட்சியை நாலு மாதம் கழித்து நடத்தினோம். முதல் வாரத்தை விட்டுவிட்டு இரண்டாவது ஞாயிறை எடுத்தோம். வாடகை குறைவு, டிக்கெட் விற்பனையும் கொஞ்சம் குறைவு. முக்கியமானது, முதல் வெள்ளிக்கிழமைக் காட்சிக்குக் குழுவில் ஒருவர் கட்டாயம் போய் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் அச்சடிப்பது. தணிக்கைத் தாள் பார்ப்பதென்றால் படத்தின் தாளைத்தான்.

ட்ரெய்லரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. இப்போது மூன்று தரம் பார்க்கிறோம்: சத்தமில்லாமல் ஒன்று, படமில்லாமல் ஒன்று, உடுப்பை மட்டும் எழுதிக்கொண்டு ஒன்று. உடுப்பு எழுதும் வேலை அந்தப் பதினொரு வயது மாணவிக்கு. பிறகு படம் எப்படியிருக்கும் என்று ஒரு தாளில் ஊகம் எழுதி, வெள்ளிக்கிழமை போய் வந்தவரிடம் சரி பார்க்கிறோம்.

முதல் தாளில் நகைச்சுவை முழுவதும் ஒரே கல்யாண வீட்டுக் காட்சிதான் என்று எழுதினோம், சரியாக இருந்தது. படம் இடைவேளைக்குப் பிறகு நீதிமன்றத்துக்குள் போகும் என்றோம், அதுவும் சரி. மூன்றாவது ஊகம், கதாநாயகி பாதியில் இறந்துவிடுவாள். பின்பாதி ஷொட் ஒன்றிலும் அவள் இல்லை, கதாநாயகனுக்குத் தாடி வேறு. மஞ்சள் சட்டைக்குப் பிறகு எங்களுக்கு எல்லாத் தாடியும் துக்கத் தாடிதான்.

வெள்ளிக்கிழமை போய் வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடைசி வரைக்கும் இருக்கிறா. அந்த வழக்கில அவதான் சட்டத்தரணி. அவரை வெளியில எடுக்கிறதே அவதான்." படத்தின் பெரிய திருப்பம் அது. அதைக் காப்பாற்றத்தான் அவளை ட்ரெய்லரின் பின்பாதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒருவரைக் காணவில்லை என்பதிலிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும், எதை என்று தெரியாது. தாளில் அந்த வரியை வெட்டிவிட்டு, 190 டிக்கெட் அச்சுக்குக் கொடுத்தோம்.